புதுக்கோட்டை வைப்புத்தொகையும் பொது வரித் தவிர்ப்புத் தடுப்பு விதிகளும்

பொது வரித் தவிர்ப்புத் தடுப்பு விதிகள் என்பவை, சட்டப்படி செல்லுபடியாகும் ஓர் ஏற்பாட்டையும் வரி கணக்கிடும்போது இல்லாததாகக் கொள்ளும் அதிகாரத்தை வருமான வரித் துறைக்கு வழங்கும் விதிகள் ஆகும். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து இவை 'கார்' என்று சுருக்கமாக அழைக்கப்படுகின்றன. இந்தியாவில் 2012ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் மூலம் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட இவ்விதிகள், 2017 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஓர் ஏற்பாட்டுக்கு உண்மையான வணிக நோக்கம் இருக்கிறதா, அல்லது வரியைக் குறைப்பது மட்டுமே அதன் வேலையா என்பதே இவ்விதிகளின் மையக் கேள்வி.

இக்கேள்வி 2012இல் புதிதாகப் பிறந்தது அன்று. மதுரையின் ஒரு பஞ்சாலை, புதுக்கோட்டை சமஸ்தானத்தில் போட்டுவைத்த வைப்புத்தொகை தொடர்பான வழக்கில், 1966ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் இதற்கு விடை தேடியது. அந்த வழக்கைப் புரிந்துகொண்டால் இன்றைய சட்டப் பிரிவுகள் எளிதில் விளங்கும். எனவே இக்கட்டுரை அவ்வழக்கை முதன்மையாகக் கொண்டு, பின்னர் இன்றைய விதிகளுக்கு வருகிறது.

மூன்று சொற்கள்

முதலில் மூன்று சொற்களைப் பிரித்தறிய வேண்டும். வருமானத்தை மறைப்பதும், பொய்க் கணக்கு எழுதுவதும், போலி ரசீது போடுவதும் வரி ஏய்ப்பு ஆகும். இது குற்றம். சட்டமே தரும் சலுகையை, அது எதற்காகத் தரப்பட்டதோ அதற்காகவே பயன்படுத்திக்கொள்வது வரித் திட்டமிடல் ஆகும். இது உரிமை. இவ்விரண்டுக்கும் இடையில் இருப்பது வரித் தவிர்ப்பு. இதில் பொய் எதுவும் இல்லை. ஆவணங்கள் எல்லாம் உண்மையானவை. ஆனால் அந்த ஆவணங்கள் எழுதப்பட்டதற்கு வரியைத் தவிர வேறு காரணம் இல்லை.

திருத்தணி போன்ற எல்லை ஊரில் இருப்பவர்களுக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் பெட்ரோல் மீதான விற்பனை வரி விகிதம் வேறு வேறு. திருத்தணிக்கும் நகரிக்கும் இடையே போய்வரும் ஒருவர், விலை குறைந்த பக்கத்தில் வண்டிக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டால் அது அவருடைய விருப்பம். பெட்ரோல் உண்மையாகவே அங்கே வாங்கப்பட்டு, வண்டியில் செலவாகிறது. ஒரு பக்கத்துக் கடையில் சரக்கை விற்றுவிட்டு, மறுபக்கத்துக் கடையில் விற்றதாகக் கணக்கு எழுதினால் அது ஏய்ப்பு. சரக்கு உண்மையாகவே எல்லை தாண்டிப் போய், யாருக்கும் பயன்படாமல், காகிதத்தில் கைமாறி, அதே கடைக்குத் திரும்பி வந்தால்? அங்கே பொய் இல்லை. ஆனால் அந்தப் பயணத்துக்குப் பொருளும் இல்லை. மூன்றாவது வகையே நம் பொருள்.

எல்லையும் வரியும்: 1940களின் நிலை

விடுதலைக்கு முன் தமிழகத்துக்கு உள்ளேயே ஒரு வரி எல்லை இருந்தது. தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட புதுக்கோட்டை சமஸ்தானம், பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட மாவட்டங்களால் சூழப்பட்டிருந்தது. 1948 மார்ச் 3 அன்று அது இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியானது. அதுவரை, 1922ஆம் ஆண்டு இந்திய வருமான வரிச் சட்டத்தின் பார்வையில் அது வெளிப்பகுதி.

அச்சட்டத்தின்படி, ஒரு சமஸ்தானத்தில் விளைந்த வருமானத்துக்கு, அது அங்கேயே இருக்கும்வரை பிரிட்டிஷ் இந்தியாவில் விலக்கு உண்டு. அந்த வருமானம் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் பெறப்பட்டால் அல்லது கொண்டுவரப்பட்டால் விலக்கு போய்விடும். வரி கட்ட வேண்டும். ஆகவே புதுக்கோட்டையில் லாபம் ஈட்டிய மதுரை நிறுவனம் ஒன்றுக்கு ஒரு சிக்கல் இருந்தது. லாபம் அங்கே கிடந்தால் வரி இல்லை; ஆனால் மதுரையில் ஆலை நடத்தப் பணம் வேண்டும். எடுத்துவந்தால் பணம் கிடைக்கும், வரியும் வரும்.

மேலும் ஒரு விதி இருந்தது. வெளிப்பகுதியில் வட்டிக்குக் கொடுக்கப்பட்ட பணம் வரிப் பகுதிக்குள் கொண்டுவரப்பட்டால், அதிலிருந்து வரும் வருமானம் வரிப் பகுதியிலேயே விளைந்ததாகக் கருதப்படும் என்று 42ஆம் பிரிவு சொன்னது. கடன் வாங்கியவர் அந்தப் பணத்தைத் தாமாக எங்கோ கொண்டுபோனால், அதற்குக் கடன் கொடுத்தவரைப் பொறுப்பாக்க முடியாது. பணத்தை உள்ளே கொண்டுவருவது என்பதே இருவருக்கும் இடையிலான அடிப்படை ஏற்பாட்டின் பகுதியாக இருக்க வேண்டும். குவாலியர் சமஸ்தானம் தொடர்பான வாடியா வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றம் வைத்த அளவுகோல் இது.

ஒரே ஆலை, இரண்டு வழக்குகள்

மதுரை ஸ்ரீ மீனாட்சி மில்ஸ் நிறுவனம், தொழிலதிபரும் கல்விக் கொடையாளருமான கருமுத்து தியாகராசர் நடத்திய ஆலைகளில் ஒன்று. அந்த ஆலையின் பெயரில் வருமான வரிச் சட்ட வரலாற்றில் இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் உள்ளன. ஒன்று 1956இல் வந்தது. மற்றொன்று 1966இல் வந்தது. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் வேறு வேறு வகையைச் சேர்ந்தவை.

முதல் வழக்கில், ஆலையின் விற்பனை சில இடைத்தரகு நிறுவனங்களின் வழியாக நடந்ததாகக் கணக்கில் இருந்தது. இடையில் கிடைத்த லாபம் அந்நிறுவனங்களின் பெயரில் போனது. அந்நிறுவனங்கள் பெயரளவில் மட்டுமே இருந்தவை, லாபம் உண்மையில் ஆலைக்கே உரியது என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் முடிவு செய்தது. இது சட்டக் கேள்வி, எனவே உயர் நீதிமன்றம் மறுபடி ஆராய வேண்டும் என்பது ஆலையின் வாதம். நீதிபதி டி. எல். வெங்கடராம ஐயர் எழுதிய தீர்ப்பு இதை ஏற்கவில்லை. ஒரு பரிவர்த்தனை உண்மையா பெயரளவிலானதா என்பது நிகழ்வு பற்றிய கேள்வி. பல நிகழ்வுகளிலிருந்து ஊகித்து எட்டும் முடிவும் நிகழ்வு பற்றிய முடிவே. சான்று இருந்தால் தீர்ப்பாயத்தின் முடிவில் நீதிமன்றம் தலையிடாது என்று அது கூறியது. இத்தகைய வழக்குகளின் வெற்றி தோல்வி சட்ட வாதத்தைவிடக் கணக்குப் புத்தகங்களிலும் வங்கிப் பதிவேடுகளிலும்தான் தங்கியிருக்கிறது என்ற நிலை இதனால் உறுதியானது.

முதல் வழக்கில் இடையில் நின்றவர்கள் பெயரளவிலானவர்கள். இரண்டாம் வழக்கில் அப்படிச் சொல்ல வழியில்லை. அதில் வங்கி உண்மையானது, வைப்புத்தொகை உண்மையானது, கடனும் உண்மையானது. அதனால்தான் அது கடினமான வழக்கு.

புதுக்கோட்டை ஏற்பாடு

1943இல் பேங்க் ஆஃப் மதுரா என்ற வங்கி நிறுவப்பட்டது. கருமுத்து தியாகராசர் அதன் நிறுவனர். பல ஆண்டுகள் இயங்கிய அந்த வங்கி 2001இல் ஐசிஐசிஐ வங்கியோடு இணைந்தது. தலைமையிடம் மதுரை, புதுக்கோட்டையில் ஒரு கிளை. மீனாட்சி மில்ஸோடு சேலம் ராஜேந்திரா மில்ஸ், கோவை சரோஜா மில்ஸ் ஆகியவையும் இவ்வழக்கில் தொடர்புடையவை.

நடந்தது இதுதான். புதுக்கோட்டையில் கிடைத்த விற்பனைப் பணம், வங்கியின் புதுக்கோட்டைக் கிளையில் நடப்புக் கணக்கிலும் நிரந்தர வைப்பிலும் போடப்பட்டது. பின்னர் அந்த நிரந்தர வைப்பை ஈடாகக் காட்டி, அதே வங்கியின் மதுரைக் கிளையில் கடன் வாங்கப்பட்டது. புதுக்கோட்டையிலிருந்து ஆலை ஒரு ரூபாயைக்கூட மதுரைக்குக் கொண்டுவரவில்லை. மதுரையில் கையில் வந்தது வங்கிக் கடன். கடன் வருமானம் ஆகாது.

இந்த ஏற்பாட்டின் பொருளாதாரத்தை ஒரு கற்பனைக் கணக்கால் பார்க்கலாம். இங்குள்ள எண்கள் விளக்கத்துக்காக மட்டுமே. புதுக்கோட்டையில் 1,00,000 ரூபாய் லாபம் என்று கொள்வோம். அதை நேராக மதுரைக்குக் கொண்டுவந்தால், வரி 25 விழுக்காடு எனில் 25,000 ரூபாய் போய், கையில் 75,000 ரூபாய் நிற்கும். மாறாக, முழுத் தொகையையும் 3 விழுக்காடு வட்டிக்கு வைப்பாகப் போட்டு, மதுரையில் 1,00,000 ரூபாயை 3.5 விழுக்காட்டுக்குக் கடனாக வாங்கினால், ஆண்டுக்கு 3,000 ரூபாய் வட்டி வரும். 3,500 ரூபாய் வட்டி போகும். ஆண்டுச் செலவு 500 ரூபாய். அதற்கு ஈடாக ஆலைக்கு மதுரையில் 1,00,000 ரூபாய் முழுதாகக் கிடைக்கிறது.

தன் பணத்தை 3 விழுக்காட்டுக்குக் கொடுத்துவிட்டு, அதே பணத்தை அதே இடத்தில் 3.5 விழுக்காட்டுக்கு வாங்குவதை எந்த வியாபாரியும் வியாபாரத்துக்காகச் செய்யமாட்டார். வரியை எடுத்துவிட்டுப் பார்த்தால் இந்த ஏற்பாடு நட்டம். வரியைச் சேர்த்துப் பார்த்தால்தான் லாபம். வணிக நோக்கம் உண்டா என்று சோதிக்க இன்றும் பயன்படும் முதல் கேள்வி இதுவே.

ஆனால் இந்தக் கணக்கு மட்டும் போதாது. வைப்பின் மேல் கடன் வாங்குவது வங்கிகளில் நாள்தோறும் நடப்பது. வைப்பை முதிர்வுக்கு முன் உடைக்காமல் இருப்பதற்காக, அவசரத் தேவைக்குக் கூடுதல் வட்டி கொடுத்துக் கடன் வாங்குவோர் பலர். எனவே துறை மேலும் சிலவற்றைக் காட்ட வேண்டியிருந்தது.

அதிகாரிகள் எவற்றைப் பார்த்தார்கள்

வருமான வரி அதிகாரியும் பின்னர் தீர்ப்பாயமும் மூன்று நிகழ்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தனர்.

முதலாவது, யார் கையில் கட்டுப்பாடு இருந்தது என்பது. ஆலைகள் வங்கியின் பெரும் பங்குதாரர்கள். ஆலைகளை நிர்வகித்தவரே வங்கியின் செல்வாக்குள்ள இயக்குநர். ஆகவே வைப்புப் போட்டவரும், வைப்பைப் பெற்றவரும், கடன் வாங்கியவரும் சட்டப்படி வேறு வேறு ஆட்கள் என்றாலும், முடிவெடுத்த மூளை ஒன்றே.

இரண்டாவது, பணம் எங்கே போனது என்பது. புதுக்கோட்டைக் கிளை தன்னிடம் போடப்பட்ட பணத்தை மதுரைக்கு அனுப்பியது. மதுரைக் கிளை கடன் கொடுக்க அது உதவியது. பணம் எல்லை தாண்டியது உண்மை. அனுப்பியவர் ஆலை அல்லர், வங்கி என்பது மட்டுமே வேறுபாடு.

மூன்றாவது, இது ஆலைக்குத் தெரிந்து நடந்ததா என்பது. முன்பே சொன்ன வாடியா வழக்கின் அளவுகோல் இங்கே வருகிறது. வங்கி தன் வசதிக்காகப் பணத்தை இடம் மாற்றியிருந்தால் ஆலைக்குப் பொறுப்பு இல்லை. ஆனால் அனுப்பப்படுவது ஆலைகளுக்குத் தெரியும், மதுரையில் அதைக் கடனாகப் பெறுவதே தொடக்கத்திலிருந்து திட்டம் என்று தீர்ப்பாயம் கண்டது. வைப்பு, அனுப்புதல், கடன் ஆகிய மூன்றும் ஓர் அடிப்படை ஏற்பாட்டின் படிகள் என்பது அதன் முடிவு.

சென்னை உயர் நீதிமன்றம் ஆலைகளின் பக்கம் தீர்ப்பளித்தது. வங்கி தனி நிறுவனம், அதன் செயல் ஆலையின் செயல் ஆகாது என்ற பார்வை வலுவான பார்வைதான். நிறுவனம் என்பது பங்குதாரரிலிருந்து வேறான சட்ட ஆள் என்பது கம்பெனிச் சட்டத்தின் அடித்தளம். ஆனால் 1966இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. நீதிபதி வி. இராமசுவாமி எழுதிய தீர்ப்பு, நிறுவனம் தனி ஆள் என்ற விதியை மறுக்கவில்லை. வரிக் கடமையைச் சுற்றிக்கொண்டு போக அந்தத் தனித்தன்மை பயன்படுத்தப்படும்போது, நிறுவனம் என்ற திரையை விலக்கி உண்மை நிலையைப் பார்க்க வரி அதிகாரிகளுக்கு உரிமை உண்டு என்றது. அவ்வாறு பார்த்தபோது, புதுக்கோட்டைப் பணம் மதுரைக்குக் கொண்டுவரப்பட்டது என்பதே அது கண்ட விடை.

விலகிய திரை மீண்டும் மூடியது

இத்தீர்ப்போடு கேள்வி முடிந்துவிடவில்லை. அக்காலத்தில் ஓங்கி நின்ற கொள்கை வேறு. 1935இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன் வழக்கில் தீர்ப்பளித்தது. கோமகன் தன் தோட்டக்காரருக்குக் கூலி என்று கொடுக்காமல், ஆண்டுத்தொகை தருவதாக ஒப்பந்தப் பத்திரம் எழுதிக்கொடுத்து, அதை வருமானத்தில் கழித்துக்கொண்டார். பத்திரம் உண்மையானது, எனவே அதன் வடிவத்தையே ஏற்க வேண்டும் என்று சபை கூறியது. இந்திய நீதிமன்றங்களும் பெரும்பாலும் அவ்வழியே சென்றன. மீனாட்சி மில்ஸ் தீர்ப்புக்குப் பின், 1967இல் ஏ. ராமன் அண்ட் கம்பெனி வழக்கில், சட்டத்துக்கு உட்பட்டுத் தொழிலை அமைத்து வரியைத் தவிர்ப்பதற்குத் தடை இல்லை என்று அதே உச்ச நீதிமன்றம் கூறியது.

1985இல் மெக்டவல் வழக்கு ஆந்திரத்திலிருந்து வந்தது. மது உற்பத்தியாளர் செலுத்த வேண்டிய கலால் தீர்வையை, வாங்குவோரே நேராகக் கருவூலத்தில் கட்டினர். எனவே அத்தொகை தன் விற்றுமுதலில் சேராது, அதற்கு விற்பனை வரி கிடையாது என்பது நிறுவனத்தின் வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி தன் தனித் தீர்ப்பில் வெஸ்ட்மின்ஸ்டர் கொள்கையையே கைவிட வேண்டும் என்றார். ஆனால் 2003இல் மொரீஷியஸ் வரி ஒப்பந்தம் தொடர்பான ஆசாதி பச்சாவோ அந்தோலன் வழக்கிலும், 2012 ஜனவரியில் வோடஃபோன் வழக்கிலும் ஊசல் மறுபக்கம் போனது. ஏற்பாட்டை முழுமையாகப் பார்க்கலாம், ஆனால் ஊடுருவிப் பார்த்து இல்லாததாக்க முடியாது என்ற நிலை உருவானது.

வோடஃபோன் தீர்ப்பு ஒரு பயனையும் விட்டுச்சென்றது. ஓர் அமைப்பு உண்மையானதா என்று அறிய எவற்றைப் பார்க்கலாம் என அது பட்டியலிட்டது: எவ்வளவு காலமாக இருக்கிறது, இந்தியாவில் எவ்வளவு காலம் தொழில் நடந்தது, வரி கட்டத்தக்க வருமானம் விளைந்ததா, எப்போது வெளியேறினார்கள், அதன்பின் தொழில் தொடர்ந்ததா.

ஒரே கேள்விக்கு அரை நூற்றாண்டாக நீதிமன்றங்கள் மாறி மாறி விடை தந்ததால், வரி செலுத்துவோருக்கும் துறைக்கும் நிலையான விதி இல்லாமல் போனது. பொது விதியைச் சட்டமாகவே எழுத வேண்டும் என்ற தேவை இவ்வாறு எழுந்தது.

இன்றைய விதிகள் சொல்வது

2012 மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில் பிரணாப் முகர்ஜி இவ்விதிகளைக் கொண்டுவந்தார். எதிர்ப்பு எழுந்ததால், பார்த்தசாரதி ஷோம் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. முதல் வரைவில், வரிப் பயன் ஏற்பாட்டின் முதன்மை நோக்கங்களுள் ஒன்றாக இருந்தாலே போதும். ஷோம் குழு சொன்னபடி, அதுவே முதன்மை நோக்கமாக இருக்க வேண்டும் என்று 2013இல் திருத்தப்பட்டது. இந்தச் சிறு மாற்றம் பெரியது. வணிகர் எடுக்கும் எந்த முடிவிலும் வரி ஒரு நோக்கமாக இருக்கும். அதனாலேயே அவரைப் பிடிக்க முடியாது.

95 முதல் 102 வரையுள்ள பிரிவுகளின்படி இரண்டு சோதனைகள் உள்ளன. வரிப் பயன் பெறுவதே முதன்மை நோக்கமாக இருக்க வேண்டும் என்பது முதல் சோதனை. அதோடு நான்கு குறைகளுள் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது இரண்டாவது. ஒருவரோடொருவர் தொடர்பில்லாதவர்களுக்கு இடையே வழக்கமாக ஏற்படாத உரிமையோ கடமையோ அதில் உருவாகியிருக்கலாம். சட்டப் பிரிவு தவறாகப் பயன்படுத்தப்பட்டிருக்கலாம். வணிக உள்ளடக்கம் இல்லாதிருக்கலாம். நேர்மையான நோக்கத்துக்கு யாரும் கையாளாத வழி கையாளப்பட்டிருக்கலாம். இரண்டு சோதனைகளும் நிறைவேறினால்தான் விதி பாயும்.

வணிக உள்ளடக்கம் இல்லை என்று எப்போது கருதலாம் என்பதை 97ஆம் பிரிவு சொல்கிறது. அதைப் புதுக்கோட்டை வழக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பணம் பல படிகளில் கைமாறிக் கிளம்பிய இடத்துக்கே வருவதைச் சட்டம் சுற்றுவழி நிதி என்று குறிக்கிறது. புதுக்கோட்டையில் போட்டு மதுரையில் எடுத்தது இவ்வகை. வரிப் பயனுக்காக மட்டும் ஏற்பாட்டில் சேர்க்கப்படும் இடைநிற்பவரை இசைவுத் தரப்பு எனலாம். வங்கி அங்கே அந்த இடத்தில் நின்றது. ஒன்றையொன்று அழித்துவிடும் படிகள் மற்றொரு அடையாளம். வைப்பும் கடனும் அப்படிப்பட்டவை. வரிப் பயனைக் கழித்துவிட்டால், எந்தத் தரப்பின் தொழில் இடரிலோ நிகர பண வரவிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்பது இன்னொன்று. முன்பு போட்ட 500 ரூபாய்க் கணக்கு இதையே காட்டுகிறது.

ஓரிடத்தில் இன்றைய சட்டம் பழைய தீர்ப்பைத் தாண்டிப் போகிறது. 1940களில் பணம் புதுக்கோட்டையிலிருந்து மதுரைக்குப் போனதைத் துறை பதிவேடுகளால் காட்ட வேண்டியிருந்தது. இன்றைய விதியில், வந்த பணம் போன பணம்தானா என்று தடம் பிடிக்க முடிகிறதா என்பதும், படிகள் எந்த வரிசையில் நடந்தன என்பதும் பொருட்டல்ல. காரணம் எளிது. வங்கிப் பணத்துக்கு அடையாளம் கிடையாது. கிளை தன் வேறு பணத்திலிருந்து கடன் கொடுத்துவிட்டு, வைப்பைப் பின்னர் அனுப்பினாலும் விளைவு ஒன்றே.

வோடஃபோன் பட்டியலும் மாறியது. ஏற்பாடு எவ்வளவு காலம் இருந்தது, வரி கட்டப்பட்டதா, வெளியேறும் வழி இருந்ததா என்பவை கருத்தில் கொள்ளத்தக்கவை. ஆனால் அவை மட்டும் போதா என்று இப்போதைய சட்டம் கூறுகிறது.

ஓர் அண்மை வழக்கு

2024 ஜூன் மாதம் தெலங்கானா உயர் நீதிமன்றம் இவ்விதிகள் பற்றி விரிவான தீர்ப்பொன்றை வழங்கியது. ஒரு நிறுவனத்தின் பங்குகள் 115 ரூபாய்க்கு வாங்கப்பட்டன. குறுகிய காலத்தில் ஒரு பங்குக்கு ஐந்து இலவசப் பங்குகள் கொடுக்கப்பட்டன. ஒன்று ஆறானதால் ஒரு பங்கின் விலை 19 ரூபாய் 20 காசாக இறங்கியது. வரிச் சட்டப்படி, இலவசப் பங்கின் அடக்க விலை சுழியம். மூலப் பங்கின் அடக்க விலை பழைய 115 ரூபாயே. மூலப் பங்கை 19.20க்கு விற்றபோது 95.80 ரூபாய் நட்டம் வந்தது. கையில் மீதியுள்ள ஐந்து பங்குகளின் மதிப்பு 96 ரூபாய். ஆக, சொத்தில் ஒன்றும் குறையவில்லை; காகிதத்தில் மட்டும் நட்டம். இவ்வாறு உருவான சுமார் 462 கோடி ரூபாய் நட்டம், வேறொரு பங்கு விற்பனையில் கிடைத்த லாபத்துக்கு எதிராகக் கழிக்கப்பட்டது. பங்குகளை வாங்கிய பணமும் குழுவுக்கு உள்ளேயே சுற்றி வந்தது என்பது துறையின் நிலைப்பாடு.

இத்தகைய நட்டத்துக்கென்று 94ஆம் பிரிவில் தனி விதி இருந்தது. அன்று அது பரஸ்பர நிதி அலகுகளுக்கு மட்டும் பொருந்தியது, பங்குகளுக்கு இல்லை. தனி விதி தொடாததைப் பொது விதியால் தொட முடியாது என்பது முதலீட்டாளர் தரப்பு வாதம். வணிக உள்ளடக்கமே இல்லாத ஏற்பாட்டுக்கு அந்தக் காப்பு கிடையாது என்று நீதிமன்றம் மறுத்தது. அந்தத் தனி விதி பங்குகளுக்கும் விரியும்படி 2022ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தால் திருத்தப்பட்டது. அத்திருத்தம் இவ்வழக்கின் பரிவர்த்தனைகளுக்குப் பிந்தியது.

எல்லைகளும் காப்புகளும்

இவ்வளவு பரந்த அதிகாரம் ஓர் அதிகாரியின் கையில் தனியே விடப்படவில்லை. ஓர் ஆண்டில் எல்லாத் தரப்புக்கும் சேர்த்துக் கிடைத்த வரிப் பயன் 3 கோடி ரூபாயைத் தாண்டாவிட்டால் விதி பொருந்தாது. 2017 ஏப்ரல் 1க்கு முன் செய்த முதலீடுகளை விற்று வரும் வருமானத்துக்கும் அது பொருந்தாது. வரி மதிப்பீட்டு அதிகாரி தன் ஐயத்தை ஆணையருக்கு அனுப்ப வேண்டும். ஆணையர் நோட்டீசு கொடுத்து, விளக்கம் கேட்டு, அதிலும் நிறைவு ஏற்படாவிட்டால் ஒப்புதல் குழுவுக்கு அனுப்ப வேண்டும். மூவர் கொண்ட அக்குழுவின் தலைவர் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருப்பவர் அல்லது இருந்தவர். ஒருவர் வருவாய்ப் பணியின் உயர் அதிகாரி. மற்றவர் வரி, வணிகக் கணக்கு போன்ற துறைகளை அறிந்த கல்வியாளர். குழுவின் வழிகாட்டுதல் இரு தரப்பையும் கட்டுப்படுத்தும்.

அனுமதி கிடைத்தபின் அதிகாரி செய்வதும் தண்டனை அன்று; மறுகணக்கு. ஒரு படியை இல்லாததாகக் கொள்ளலாம். பல படிகளை ஒன்றாகச் சேர்க்கலாம். இடையில் நின்றவரையும் வரி செலுத்துபவரையும் ஒரே ஆளாகக் கருதலாம். புதுக்கோட்டை வழக்குக்கு இதைப் பொருத்தினால், வைப்பையும் கடனையும் நீக்கிவிட்டு, ஆலை தன் லாபத்தை மதுரைக்குக் கொண்டுவந்தது என்று கணக்கிடுவதாகும். 1966இன் விடையும் அதுவே.

இவ்விதிகளின் குறுக்கே நிற்பது ஒரு நியாயமான அச்சம். வணிகர் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தால், வரி அதிகமான வழியில்தான் போயிருக்க வேண்டும் என்று அதிகாரி சொல்லத் தொடங்கலாம். 2017 ஜனவரியில் மத்திய நேரடி வரிகள் வாரியம் வெளியிட்ட சுற்றறிக்கை இதற்கு விடை தந்தது. ஒரு பரிவர்த்தனையை எம்முறையில் செய்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையில் விதி தலையிடாது என்றது. இயந்திரத்தை விலைக்கு வாங்குவதா வாடகைக்கு எடுப்பதா என்பது தேர்வு. இரண்டிலும் இயந்திரம் ஓடுகிறது. சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் ஆலை தொடங்கி வரிச் சலுகை பெறுவதும் தேர்வு. அங்கே ஆலையும் வேலையும் உண்டாகின்றன. சலுகை தரப்பட்டதே அதற்காகத்தான்.

1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக இயற்றப்பட்டு, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை பெறும் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்திலும் இவ்விதிகள் தொடர்கின்றன. பிரிவு எண்கள் மாறியுள்ளன, சோதனை மாறவில்லை. ஏற்பாட்டிலிருந்து வரிப் பயனைக் கழித்துவிட்டு, மீதி என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். ஓர் இயந்திரம், ஓர் இடர், ஒரு புதிய வாடிக்கையாளர் என ஏதாவது மீதி நின்றால் அது வணிகம். புதுக்கோட்டை ஏற்பாட்டில் மீதி நின்றது வங்கிக்குக் கொடுத்த வட்டி வேறுபாடு மட்டுமே.